களித்தட்டில் ஒரு மலை

என் வீட்டுக்காரர் எதை வரைந்தாலும் முதலில் பார்க்கிறவள் நான்தான். கல்யாணமான புதிதிலிருந்தே அப்படித்தான் நடந்து வந்தது. சிவகாசியில் ஒரு லித்தோ அச்சுக் கம்பெனியில் அவர் ஆர்ட்டிஸ்ட். தீப்பெட்டி லேபிள், வெடிப் பாக்கெட் லேபிள், காலண்டர் சாமி படம் எல்லாம் அவர் வரைந்து கொடுத்துத்தான் அச்சுக்குப் போகும். சாயங்காலம் வரும்போது அன்றைய படத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு வருவார். வந்ததும் தரையில் விரித்து, "இந்தா, பாத்துச் சொல்லு" என்பார்.

நான் ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து குனிவேன். எனக்குப் படிப்பு அஞ்சாங் கிளாஸ். ஆனால் கண்ணு இருக்கிறதே. மயில் லேபிளில் மயில் நிற்கிற கிளை மயிலைத் தாங்காது என்பேன். லட்சுமி படத்தில் தாமரைக்குக் கீழே தண்ணீர் இருக்கிறது, தாமரை இலைதான் இல்லை என்பேன். முதலில் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வார். பிறகு திருத்துவார். நான் சரி என்று தலையை ஆட்டினால்தான் அந்தப் படம் முதலாளி மேஜைக்குப் போகும். இது எங்கள் ரெண்டு பேருக்கும் மட்டும் தெரிந்த ஏற்பாடு. எனக்கு வேறு நகை நட்டு என்று பெரிதாக ஆசை கிடையாது, இந்த ஒன்றை மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்று இருந்தேன்.

அதைப் பறிக்க ஒருத்தி வந்தாள். அறுபதுகளின் தொடக்கத்தில் என்று நினைக்கிறேன்.

விருதுநகரில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் பூகோளம் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் அவள். மரியாதையாக "அவர்" என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் வீட்டுக்காரரையும் "அவர்" என்று சொல்லி, டீச்சரையும் "அவர்" என்றால் யார் யாரென்று குழம்பிப் போகும். அதனால் அவள் என்கிறேன். மனசுக்குள் அப்போதும் அப்படித்தான் சொன்னேன்.

பள்ளிக்கூடங்களில் சுவரில் மாட்டுகிற பெரிய மேப் ஒன்றைக் கலரில் அச்சடிக்க எங்கள் முதலாளி ஆர்டர் பிடித்திருந்தார். மலை, ஆறு, காடு, கண்மாய் எல்லாம் எப்படி மேப்பில் காட்டுவார்கள் என்று பிள்ளைகள் படிப்பதற்கு. லேபிள் சீசன் முடிந்தால் மிஷின் சும்மா நிற்கிறது, இப்படி ஒரு வேலை வந்தால் வருஷம் முழுக்க ஓடும் என்று முதலாளிக்குக் கணக்கு. எதை வைத்து வரைவது என்று சொல்லித்தர அந்த டீச்சரைப் பிடித்தார். அவள் யாரோ சொந்தக்காரரிடமிருந்து நிஜமான சர்வே மேப் ஒன்றை ஒரே ஒரு நாள் இரவலாக வாங்கி வந்தாள். அன்றைக்கு நாங்கள் ஒரு கல்யாணத்துக்காக அருப்புக்கோட்டை போயிருந்தோம். கம்பெனி கேமரா ரூமில் மேப்பைப் போட்டோ எடுத்துவிட்டு, மேப்பைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். மறுநாள் வேலைக்குப் போன என் வீட்டுக்காரர் கையில் கிடைத்தது கறுப்பு வெள்ளைப் போட்டோ மட்டும்தான். இனி அதில் எது என்ன கலர் என்று டீச்சர் வந்து சொன்னால்தான் உண்டு.

முதலாளி அவரைக் கூப்பிட்டு, "பொம்பளை வந்து ஆர்ட்டிஸ்ட் ஹாலுல இத்தன ஆம்பளைக நடுவுல உக்காந்தா நல்லாவா இருக்கும்? ஞாயித்துக்கிழமை ஒன் வீட்டுக்கு வரச் சொல்லுதேன். ஒன் சம்சாரம் இருக்கும்லா" என்றாராம்.

அதாவது, நான் வீட்டில் இருக்கிறேன் என்கிற தைரியத்தில் அவள் வந்து அவரோடு உட்காருவாள். நான் காப்பி போட்டுக் கொடுக்க வேண்டும். எப்படி இருக்கிறது பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் இவர் எழுந்த எழுச்சியே சரியில்லை. சாதாரணமாக ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு முன்னால் பல் விளக்க மாட்டார். அன்றைக்கு முகச்சவரம் ஆயிற்று. நீலம் போட்டு வெளுத்த சட்டையை எடுத்து மாட்டினார். கடைக்குப் போய் கிரீம் பிஸ்கட் வாங்கி வந்தார். எங்கள் வீட்டில் காய்ச்சல்காரர்களுக்குக் கூட ரஸ்க்தான்.

"யாரு வாரா, மாவட்டக் கலெக்டரா?" என்று கேட்டேன்.

"படிச்சவங்க வாராங்க. வாயக் கொஞ்சம் அடக்கிக்கிடு" என்றார்.

டீச்சர் பஸ்ஸில் வந்து இறங்கினாள். மெல்லிய வாயில் துணிச் சேலை, கையில் வாட்ச், கறுப்புக் குடை, மூக்குக் கண்ணாடி. முப்பத்தைந்து வயது இருக்கும். கல்யாணம் ஆகவில்லை. என்னைப் பார்த்து, "உங்களுக்குத்தான் சிரமம்மா" என்றாள். குரலில் கள்ளம் இல்லை. அவள் மேல் ஒரு குற்றம் சொல்ல வழியில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் அதனாலேயே கூடியது. ஏதாவது ஒரு தப்பு செய்திருந்தாள் என்றால் வாய் விட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

கூடத்தில் பாயை விரித்து, பலகை மேல் போட்டோவை வைத்து ரெண்டு பேரும் உட்கார்ந்தார்கள். நான் அடுப்படிக் கதவோரம் உட்கார்ந்து பயறில் கல் பொறுக்கினேன். காது முழுக்க அங்கேதான்.

"இந்த வளைஞ்சு வளைஞ்சு போற கோடு இருக்குல்ல ஆர்ட்டிஸ்ட், இதெல்லாம் ஒரிஜினல்ல பழுப்பு. சமஉயரக் கோடுன்னு பேரு. ஒரு கோட்டுல எந்த இடத்துல நின்னாலும் ஒரே உயரத்துல நிக்கிறோம்னு அர்த்தம். இந்தக் கோட்டுல இருந்து அடுத்த கோட்டுக்கு ஏறினா அம்பது அடி ஏறியாச்சு. ஒவ்வொரு அஞ்சாவது கோட்டையும் தடிமனாப் போட்டிருப்பாங்க, எண்ணுறதுக்கு வசதியா."

"கோடு நெருக்கமா இருந்தா, டீச்சர்?"

"செங்குத்து. மூச்சு வாங்கும். தள்ளித் தள்ளி இருந்தா சரிவு லேசு. சும்மா நடந்து போயிடலாம்."

"டீச்சர்" என்பதை அவர் சொன்ன தினுசு இருக்கிறதே. என்னை அவர் பேர் சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்லை, "இந்தா"தான்.

கலரெல்லாம் சொன்னாள். ரோடு சிவப்பு, வனம் பச்சை, விளைநிலம் மஞ்சள், தண்ணீர் நீலம், எழுத்து கறுப்பு. கோவிலுக்கு ஒரு குறி, கிணற்றுக்கு ஒரு குறி. மேப்பின் அடியில் ஒரு பட்டையில் அந்தக் குறிக்கெல்லாம் விளக்கம் இருக்குமாம். அந்தப் பட்டையை மட்டும் இவர் டீச்சர் வருவதற்கு முந்தின நாளே தனித் தாளில் வரைந்து கலரும் கொடுத்து முடித்துவிட்டிருந்தார். டீச்சர் எழுதி அனுப்பிய தமிழ் வார்த்தைகளை அழகாக எழுதி, கெட்டிக்காரன் என்று பேர் வாங்க எடுத்துக் காட்டினார். அவள் கையெழுத்தைப் பாராட்டினாள். இவருக்குக் காது மடல் சிவந்துவிட்டது. அந்தப் பட்டையை எனக்கு அவர் காட்டவே இல்லை.

பிறகு ரெண்டு பேரும் ஒரே நேரத்தில் சத்தம் இல்லாமல் ஆனார்கள். எட்டிப் பார்த்தேன். ஒரு பூதக்கண்ணாடிக்கு மேலே ரெண்டு தலை.

"ஆத்தக் காணோமே டீச்சர்" என்றார் இவர்.

நிஜமாகவே ஆறு காணாமல் போயிருந்தது. எங்கள் கம்பெனிக் கேமராவில் போடுகிற தகட்டுக்கு நீலம் தெரியாது. நீலமாக இருப்பதெல்லாம் வெள்ளைத் தாளோடு வெள்ளையாகப் போய்விடும். சிவப்பும் பழுப்பும் மஞ்சளும் கறுத்து விழும். சர்வே மேப்பில் எப்போதும் தண்ணீர் கிடக்கிற ஆற்றை நீலத்திலும், மழைக்கு மட்டும் ஓடிவிட்டு வறண்டு கிடக்கிறதைக் கறுப்பிலும் போடுவார்களாம். அதனால் போட்டோவில் என்ன ஆனதென்றால், கரிசலில் மணல் மட்டும் கிடக்கிற வறட்டு ஓடையெல்லாம் பளிச்சென்று தெரிந்தது. மலைமேல் தண்ணீர் ஓடுகிற ஓடை ஒன்றுகூட இல்லை.

"பரவாயில்ல" என்றாள் டீச்சர். "கோடே சொல்லிரும். மலைச்சரிவுல கோடு போயிட்டே இருக்கும்போது அங்கங்க முக்கோணம் மாதிரி ஒடிஞ்சு திரும்பும் பாருங்க. அந்த முனை வழியா ஓடை வரும். முனையை எல்லாம் ஒண்ணோட ஒண்ணு சேர்த்தா ஓடை கிடைச்சிரும்."

இவர் தலையை ஆட்டினார். டீச்சர் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். பரீட்சை வருவதால் அடுத்த ஞாயிறு வர முடியாது, அதற்கடுத்த ஞாயிறு வருகிறேன் என்றாள்.

அன்று சாயங்காலம் போட்டோ பாயிலேயே கிடந்தது. நான் வழக்கம்போல ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து குனிந்தேன். அவர் பலகையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.

"இது லேபிள் இல்ல. ஒனக்குப் புரியாது. டீச்சர் பாத்துக்கிடுவாங்க" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. நான் அடுப்படிக்குப் போய் விளக்கிவைத்த பாத்திரத்தை மறுபடியும் எடுத்துப் போட்டு விளக்கினேன். யாரும் வந்து ஏன் என்று கேட்கவில்லை.

அடுத்த நாட்களில் வீட்டில் "டீச்சர் சொன்னாங்க" என்பதைத் தவிர வேறு பேச்சு கிடையாது. மொட்டை மாடிக்கு ஏறினால் இது எத்தனை கோடு என்பார். சோற்றைக் குவித்துப் போட்டால் கோடு நெருக்கமாக இருக்கிறது என்பார். எனக்குச் சிரிப்பு வராமலா இருக்கும், வரும்தான். ஆனால் அது அவளிடமிருந்து வந்த சிரிப்பு, நான் ஏன் சிரிக்க வேண்டும் என்று உதட்டைக் கடித்துக்கொள்வேன்.

நடுவில் முதலாளி அவசரப்படுத்தினார். டீச்சர் வருகிறவரை காத்திருக்காமல் இவர் வீட்டில் வைத்தே போட்டோ மேலேயே தண்ணீர்க் கலரால் தீட்ட ஆரம்பித்தார். அந்தக் கலர்ப் படத்தைப் பார்த்துத்தான் பிறகு கம்பெனியில் ஒவ்வொரு கலருக்கும் ஒரு தகடு போடுவார்கள். நீலத்துக்கு ஒரு தகடு, பழுப்புக்கு ஒரு தகடு, அப்படி. சனிக்கிழமை மத்தியானத்துக்குள் ஓடைகளை எல்லாம் நீலத்தில் தீட்டி முடித்துவிட்டு, காயட்டும் என்று ஜன்னலோரம் வைத்துவிட்டுக் குளிக்கப் போனார்.

நான் போய்ப் பார்த்தேன். பார்க்கக் கூடாது என்று சொன்னால் பார்க்காமல் இருக்கிற ஜாதி இல்லை நான்.

அவர் எனக்குச் சொல்லாத ஒன்று அதில் இருந்தது. அது எங்கள் பக்கத்து மேப். வத்திராயிருப்புக்கு மேற்கே மலையடிவாரத்தில்தான் என் பிறந்த வீடு. ஊர்ப் பெயர் இங்கிலீஷில் இருந்தாலும் எழுத்துக் கூட்டிக் கண்டுபிடித்தேன். ஊருக்கு மேற்கே கோவில் குறி. எங்கள் அய்யனார். அங்கேயிருந்து மேற்கே மேற்கே கோடு நெருங்கிக்கொண்டே மலையாகப் போகிறது. எங்கள் அப்பா நிலத்துக்குப் பாய்கிற ஓடை அய்யனார் கோவிலை உரசிக்கொண்டு இறங்கும். சின்னப் பிள்ளையில் அதில்தான் துணி துவைப்போம். இவர் தீட்டியிருந்த படத்தில் அந்த ஓடை அங்கே இல்லை. கோவிலுக்குத் தெற்கே தள்ளி, வெள்ளாடு மேய்கிற மொட்டைப் பாறை முதுகில் நீலமாக இறங்கியது. அந்த முதுகில் தண்ணீர் ஓடி நான் பார்த்ததே இல்லை. மழை பெய்தால் ரெண்டு பக்கமும் வழிந்துவிடும்.

இவர் தப்புப் பண்ணியிருக்கிறார் என்று தெரிந்தது. எங்கே தவறினார் என்று தெரியவில்லை.

அன்றைக்கு மத்தியானம் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. தட்டில் களியை உருண்டையாக வைத்துச் சுற்றிக் குழம்பை ஊற்றினேன். அவர் ஒரு பக்கமாக விரலால் கொஞ்சம் வழித்து எடுத்தார். விரல் போன தடம் களியின் உச்சியிலிருந்து அடிவரை பள்ளமாக விழுந்தது. இன்னும் ஒரு கரண்டி ஊற்றச் சொன்னார். ஊற்றினேன். குழம்பு களியைச் சுற்றி ஏறியது.

அப்போதுதான் பார்த்தேன். குழம்பு மட்டம் களியைத் தொடுகிற விளிம்பு ஒரு கோடு. ஒரே உயரத்தில் சுற்றிவருகிற கோடு. அது விரல் பள்ளத்துக்கு வந்த இடத்தில் உள்ளே திரும்பி, களியின் உச்சியைப் பார்த்து ஒரு முனையாகப் போய்விட்டு வெளியே வந்தது. பள்ளம் இல்லாத இடத்தில் களி புடைத்திருந்த பக்கம் கோடு வெளியே தள்ளி வளைந்தது.

"கைய எடுங்க" என்றேன்.

"என்ன?"

"கைய எடுங்கங்கேன். தட்டப் பாருங்க. இதான மலை. குழம்பு தொடுற விளிம்புதான டீச்சர் சொன்ன கோடு. பள்ளம் எங்கன இருக்கு? கோடு எந்தப் பக்கம் ஒடியுது? உச்சியப் பாத்துல்லா ஒடியுது. நீங்க கீழ பாக்கிற முனையெல்லாம் சேத்து ஆறு விட்டிருக்கீக. அது பூராவும் மலை முதுகு."

அவர் பார்த்தார். தண்ணீர் கிழக்கே ஓடுகிறது, அதனால் முனையும் அம்பு மாதிரி கிழக்கே காட்டும் என்று நினைத்திருக்கிறார். யாருக்கும் அப்படித்தான் தோன்றும். அது எனக்கும் புரிந்தது. ஆனால் அவர் என்ன சொன்னார் தெரியுமா?

"களியையும் சர்வே மேப்பையும் ஒண்ணாக்கிட்டியே. நாளைக்கு டீச்சர் வரட்டும், கேப்போம்."

"எங்க ஊரு ஓடை எங்கன ஓடுதுன்னு விருதுநகர் டீச்சர் வந்து சொல்லணுமாக்கும்?"

"கோட்ட வச்சுப் பேசணும். ஊர்க்கதை பேசப்படாது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. கோட்டை வைத்துத்தானே பேசினேன். கோட்டைத் தட்டிலேயே போட்டுக் காட்டினேனே. மீதிக் களியை அவருக்குப் போடவில்லை.

மறுநாள் டீச்சர் வந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்து, படத்தைக் கையில் எடுத்த உடனேயே சிரித்துவிட்டாள்.

"ஆர்ட்டிஸ்ட், உங்க ஆறெல்லாம் மலை முதுகு மேல நடந்து வருதே. என் தப்புதான், எந்த முனைன்னு நான் சொல்லாம விட்டுட்டேன். மேட்டைப் பாத்து ஒடியற முனையில ஓடை. அடிவாரத்தைப் பாத்துப் புடைக்கிறது முதுகு."

"ஆமா டீச்சர், சரிதான் டீச்சர்" என்றார் இவர். உடனே. மூச்சு விடுகிற நேரம்கூட யோசிக்கவில்லை. நேற்று நான் சொன்னதற்குத் தட்டைப் பார்த்துக்கொண்டே முகத்தைச் சுளித்த மனுஷன்.

காப்பி டம்ளரைக் கொண்டுபோய் டங்கென்று வைத்தேன்.

"நேத்து மத்தியானமே தட்டுல காமிச்சேன் டீச்சர். ஊர்க்கதைன்னுட்டாக" என்றேன்.

"என்ன தட்டு?" என்று கேட்டாள். இவர் தரையைப் பார்த்தார். அவள் விடவில்லை. நான்தான் சொன்னேன், களி, குழம்பு, விரல் பள்ளம் எல்லாம். சொல்லி முடித்ததும் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இத்தன வருஷமா ஈரமண்ணைக் குவிச்சு, நூலைச் சுத்திக் காமிச்சிட்டு இருக்கேன். புள்ளைகளுக்குப் புரியவே மாட்டேங்குது. இது ரொம்ப நல்லா இருக்கேம்மா. நான் கிளாஸுல செஞ்சு காட்டட்டுமா?"

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? சரி என்றேன். வீட்டுக்காரர் படத்தைப் பறித்தது போதாதென்று என் களியையும் எடுத்துக்கொண்டு போகிறாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்தது எனக்கு இப்போதும் அநியாயமாகத் தோன்றவில்லை. அது என் தட்டு.

படத்தைத் திருத்த முடியாது, நீலம் போட்டோவில் ஊறிவிட்டது. கேமரா ரூமில் புதிதாக ஒரு போட்டோ போட்டு வாங்கி, முதலிலிருந்து தீட்டினார். அடுத்த ஞாயிறும் டீச்சர் வந்து பக்கத்திலேயே உட்கார்ந்து பென்சிலால் எந்த ஓடை எந்த முனை வழியாக வருகிறது, எது வனம், எது விளைநிலம் என்று எல்லை போட்டுக் கொடுத்தாள். அடிப் பட்டை மட்டும்தான் மிச்சம். அதுதான் ஏற்கெனவே இருக்கிறதே என்று, முந்தியே வரைந்து வைத்ததை எடுத்து அடியில் ஒட்டினார். தகடு போட எல்லாம் கம்பெனிக்குப் போயிற்று.

அதன்பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவில்லை. வீட்டில் கிரீம் பிஸ்கட் தீர்ந்து போனது. இவரும் பழையபடி பத்து மணிக்குப் பல் விளக்கினார். எனக்கு மனசு கொஞ்சம் அடங்கியது. இனி சரிபார்க்க அடிக்கிற புரூஃப் வரும், அதைக் கொண்டுவந்து தரையில் விரிப்பார், இந்தா பாத்துச் சொல்லு என்பார் என்று நாளை ஓட்டினேன்.

ஒரு புதன்கிழமை மத்தியானம் சாப்பாட்டுக்கு வந்தவர் கையில் சுருள் இருந்தது. சாப்பிடாமலே விரித்தார். ஒரு சுவரை அடைக்கிற அளவுக்குப் பெரிய தாள். மலையெல்லாம் பச்சை, அதன்மேல் பழுப்புக் கோடு, கோடு ஒடிகிற முனை முனையாக நீல ஓடை. எங்கள் ஓடை அய்யனார் கோவிலை உரசிக்கொண்டு இறங்கியது. கரிசல் பூமி மஞ்சள். வறட்டு ஓடை கறுப்பு. சத்தியமாகச் சொல்கிறேன், கண் கலங்கிவிட்டது. ஊர் அத்தனையும் மேலேயிருந்து பார்க்கிற மாதிரி.

"இந்தா, பாத்துச் சொல்லு" என்றார்.

எத்தனை நாளாயிற்று அதைக் கேட்டு. மண்டிபோட்டு உட்கார்ந்து மேல் மூலையிலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். அப்போதுதான் ஓரத்தில் சிவப்புப் பென்சில் கண்ணில் பட்டது. ஒவ்வொரு ஓடைக்கும் பக்கத்தில் ஒரு சின்ன டிக். கீழே, "எல்லாம் சரி" என்று எழுதி டீச்சர் கையெழுத்து.

"இது எப்ப போட்டாக?"

"காலையில மொத பஸ்ஸுல விருதுநகர் போயிக் காமிச்சுட்டு வந்தேன். நாளைக்கு மிஷின்ல ஏத்தணும்லா. அவங்க சரின்னுட்டாங்க. நீயும் ஒரு பார்வை பாரு."

நீயும். நீயும் ஒரு பார்வை. கோவிலில் எல்லாருக்கும் கொடுத்து முடித்த பிறகு சட்டியில் ஒட்டினதை வழித்துக் கொடுப்பார்களே, அப்படி இருந்தது. சுருட்டி மூஞ்சியில் எறியலாம் என்று கை போனது. எறியவில்லை. சரி பார்க்கிறேன், அவள் பார்க்காததைப் பார்க்கிறேன் என்று ஒரு வெறி வந்தது. ஓடை ஓடையாக ஏறினேன். ஒவ்வொரு முனையும் உச்சியைப் பார்த்துத்தான் ஒடிந்தது. கோடு ஒன்றை ஒன்று வெட்டவில்லை. ரோடு சிவப்பு, கிணறு கிணறாகவே இருந்தது. ஒரு தப்பு கிடையாது. அவள் கெட்டிக்காரிதான்.

"சோத்தப் போடு" என்றார் அவர்.

"இருங்க" என்றேன்.

அடிப் பட்டைக்கு வந்தேன். அவர் கையெழுத்து, டீச்சர் பாராட்டினாளே, அதே எழுத்து. கோவில் குறி, கோவில். சிவப்புக் கோடு, ரோடு. பச்சைக் கட்டம், விளைநிலம். மஞ்சள் கட்டம், வனம்.

மறுபடி படித்தேன். பச்சை விளைநிலம். மஞ்சள் வனம். நிமிர்ந்து மேப்பைப் பார்த்தேன். மலை முழுக்கப் பச்சை. கரிசல் முழுக்க மஞ்சள்.

"எங்க அப்பா பருத்தி போடுற நெலம் என்ன கலரு?" என்று கேட்டேன்.

"மஞ்ச. அதான் தெரியுதே."

"அடியில படிங்க. மஞ்சன்னா வனமாம். எங்கப்பா வனத்துல பருத்தி போடுதாரு. மலை உச்சியில பாறை மேல நெல்லு வெளையுது. பள்ளிக்கூடத்துப் புள்ளைக படிச்சா சிரிச்சே சாகும்."

அவர் குனிந்து படித்தார். முகத்தில் ரத்தம் இல்லை. டீச்சர் கலர் சொல்வதற்கு முந்தின நாள் வரைந்த பட்டை அல்லவா. போட்டோவில் மஞ்சள் கட்டம் அடர்ந்து கறுத்தும், பச்சைக் கட்டம் அதைவிட வெளுத்தும் விழுந்திருக்கிறது. அடர்ந்தது பச்சையாகத்தான் இருக்கும், வெளுத்தது மஞ்சளாக இருக்கும் என்று குத்துமதிப்பாகக் கலர் கொடுத்தவர், பிறகு அதைத் திரும்பிப் பார்க்கவே இல்லை. டீச்சரும் கையெழுத்தைப் பாராட்டினாளே தவிரக் கட்டத்தைப் பார்க்கவில்லை. ஓடையைத் தேடுகிற மும்முரத்தில் அடியில் யார் கண் போகும்? என் கண் போனது. ஏன் போனதென்று எனக்குத் தெரியும். என்னிடம் காட்டாமல் அவளிடம் காட்டிய பட்டை அது.

சாப்பிடாமலே கம்பெனிக்கு ஓடினார். மஞ்சள் தகட்டிலும் பச்சைத் தகட்டிலும் அந்த ரெண்டு கட்டத்தை மட்டும் சுரண்டி அழித்து, இடம் மாற்றி வரைந்து கொடுத்துவிட்டுத்தான் வந்தார். அது மிஷினில் ஏறியிருந்தால் முதலாளி அவரை மறுபடி லேபிளுக்கே அனுப்பியிருப்பார். மேப் வேலை இன்னொரு கம்பெனிக்குப் போயிருக்கும். வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, ரெண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டார். அன்றைக்கு நான் எம்புட்டு சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் பொம்பளை இப்படியும் இருப்பாளா என்பார்கள். இருப்பாள். டீச்சர் "எல்லாம் சரி" என்று கையெழுத்துப் போட்ட தாளை மடித்து என் டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

மேப் நன்றாகப் போனது. அடுத்த ஆர்டரும் வந்தது, அதே டீச்சர், வேறு மலை, வேறு ஆறு. ஒரு சாயங்காலம் அவர் வந்து செருப்பைக் கழற்றாமல், பெரிய தாளைத் தரையில் விரித்தார். ஓரத்தில் சிவப்புப் பென்சில் இல்லை. நாலு ஓரமும் தேடிப் பார்த்தேன், ஒரு டிக் கூடக் கிடையாது.

"இந்தா, பாத்துச் சொல்லு" என்றார்.

"டீச்சர் பாத்துட்டாகளா?"

"இன்னும் இல்ல."

எனக்கு நெஞ்சு நிறைந்தது. ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். அவர் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே மேலும் சொன்னார்.

"காலையில மொத பஸ்ஸுல விருதுநகருக்குத்தான் கொண்டு போனேன். போன மேப்புல நீ பட்டையில தப்பக் கண்டுபிடிச்சத அவங்ககிட்ட சொல்லியிருந்தேன்ல. பிரிக்கவே விடல. உங்க வீட்டம்மா மொதல்ல பாக்கட்டும், அவங்க பாத்துச் சரின்னு சொன்னாத்தான் நான் தொடுவேன்னுட்டாங்க. டீச்சர் சொன்னா சரியாத்தான் இருக்கும்."

நான் கேட்டது எனக்குக் கிடைத்துவிட்டது. அதை அவள் எடுத்துக் கொடுத்திருக்கிறாள். அவர் காலையில் முதல் பஸ்ஸில் போனது அவளிடம்தான். தலையைத் தூக்கினால் முகத்தைப் பார்த்துவிடுவார் என்று தூக்கவில்லை. தாளை என் பக்கம் இழுத்துக்கொண்டு அடிப் பட்டையிலிருந்து ஆரம்பித்தேன், ஒரு தப்பாவது இருக்க வேண்டும் என்று.